திரைவாசிப்பானில் கேட்டாலும் புரியும் மின்னஞ்சல்: இணைப்பையும் படத்தையும் எழுதும் முறை

வெள்ளவத்தையில் ஒருநாள் கணினிப் பயிலரங்கு நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். செயலாளர் அதைக் கணினியில் இறக்கி, ஜிமெயிலில் ஒட்டி, கீழே மூன்று வரி சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்.

> அன்புடையீர்,
> (சுவரொட்டிப் படம்)
> பதிவு செய்ய இங்கே அழுத்தவும்.
> நிகழ்ச்சிநிரலைப் பார்க்க இங்கே அழுத்தவும்.
> மண்டபத்துக்கு வரும் வழியை அறிய இங்கே அழுத்தவும்.

கண்ணால் பார்ப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. விழிப்புலனற்ற ஒருவர் இதே மின்னஞ்சலை, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் செயலியான திரைவாசிப்பானில் திறந்தால் காதில் விழுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அன்புடையீர். கிராஃபிக், வாட்ஸ்அப் இமேஜ் 2026 02 20 அட் 10.15.22 டொட் ஜேபெக். பதிவு செய்ய, லிங்க், இங்கே, அழுத்தவும்…" பயிலரங்கு எந்த நாள், எந்த மண்டபம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் சுவரொட்டிக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சொல்கூட அவரை வந்தடையவில்லை.

இந்த ஒரு மின்னஞ்சலைத்தான் கட்டுரை முழுவதும் எடுத்துத் திருத்தப்போகிறோம். ஜிமெயிலைக் கணினி உலாவியில் பயன்படுத்துபவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு சேவை என்றால் பொத்தான்களின் இடம் மாறும், செய்யவேண்டியது மாறாது.

கேட்பவர் எப்படி வாசிக்கிறார்

திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் எப்போதும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பத்திரிகையின் தலைப்புகளை மற்றவர்கள் கண்ணோட்டமாகப் பார்ப்பதுபோல அவர்களும் தாவித் தாவித்தான் போகிறார்கள். விண்டோஸில் இயங்கும் இலவசத் திரைவாசிப்பானான NVDA-வில் `K` விசையைத் தட்டினால் அடுத்த இணைப்புக்கும், `G` தட்டினால் அடுத்த படத்துக்கும் போகலாம். `Insert+F7` அழுத்தினால் மின்னஞ்சலில் உள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாகத் திறக்கும். ஐபோனில் வொய்ஸ்ஓவரும் அன்ட்ரொய்டில் டோக்பேக்கும் இதேபோல இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவும் வசதியைத் தருகின்றன.

நமது மின்னஞ்சலில் அந்தப் பட்டியலைத் திறப்பவருக்குக் கேட்பது "இங்கே, இங்கே, இங்கே" மட்டுமே. சுற்றியுள்ள சொற்கள் பட்டியலுக்குள் வருவதில்லை.

இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிமுறையில் 2.4.4 என்ற விதி, இணைப்பின் நோக்கம் அதே வாக்கியத்திலிருந்து விளங்கினாலும் போதும் என்கிறது. அந்தக் கணக்கில் "பதிவு செய்ய இங்கே அழுத்தவும்" தேறிவிடும். ஆனால் பட்டியலில் அது உதவாது. இணைப்புச் சொற்களே தனித்து நின்று பொருள் தரவேண்டும் என்று கேட்பது 2.4.9. அது கடினமான AAA மட்டத்து விதிதான் என்றாலும், மின்னஞ்சலில் அதைக் கடைப்பிடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் செலவாகாது. ஆகவே அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

முதலில் இணைப்புகள்

வாக்கியத்தை எழுதும்போது இணைப்பை மறந்துவிடுங்கள். "பதிவுப் படிவத்தை மார்ச் 10க்கு முன் நிரப்புங்கள்" என்று இயல்பாக எழுதுங்கள். பிறகு, அழுத்தினால் எது திறக்குமோ அதன் பெயரைச் சொல்லும் சொற்களைத் தேடுங்கள். இங்கே அவை "பதிவுப் படிவத்தை". அந்தச் சொற்களைத் தெரிவுசெய்து `Ctrl+K` அழுத்தி, முகவரியை ஒட்டினால் வேலை முடிந்தது. முகவரியை ஏற்கெனவே நேரடியாக ஒட்டிவிட்டீர்கள் என்றால் அதன்மேல் சொடுக்கி `Change` என்பதைத் தெரிவுசெய்து, காட்டப்படும் எழுத்தை மாற்றிவிடலாம்.

தமிழில் இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வரும். "நிகழ்ச்சிநிரலை" என்ற சொல்லில் "நிகழ்ச்சிநிரல" வரை இணைப்புக்குள்ளும் "ை" வெளியிலும் விழுந்தால், திரைவாசிப்பான் இணைப்பின் எல்லையில் நின்று சொல்லை இரண்டாக வெட்டிவிடும். வெளியே கிடக்கும் உயிர்க்குறியைச் சில குரல்கள் விழுங்கிவிடும், சில தனியாக உச்சரித்துக் குழப்பும். இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.லைக் கையால் எழுதுவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. உருபும், அதன்பின் மிகும் ஒற்றும் சேர்ந்த முழுச் சொல்லும் இணைப்புக்குள் இருக்கட்டும். சுட்டியால் சொல்லின்மேல் இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் முழுச் சொல்லும் தெரிவாகும்.

அடுத்தது வரிசை. NVDA-வின் பட்டியலில் முதலெழுத்தைத் தட்டித் தாவலாம். பட்டியலைக் கேட்டுக்கொண்டு போகிறவரும் முதற்சொல் வேண்டியதல்ல என்று தெரிந்தவுடன் அடுத்ததற்குப் போய்விடுவார். "பயிலரங்கின் பதிவுப் படிவம்", "பயிலரங்கின் நிகழ்ச்சிநிரல்", "பயிலரங்கின் மண்டபத்துக்கு வழி" என்று மூன்றையும் ஒரே சொல்லில் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைக் கேட்டு முடித்தபிறகே வேறுபாடு புரியும். மின்னஞ்சலே பயிலரங்கைப் பற்றியதுதானே. அந்த முன்சொல்லை எடுத்துவிட்டால் வேறுபடும் சொல் தானாகவே முன்னுக்கு வந்துவிடும்.

இணைப்பு ஒரு கோப்பைத் திறக்குமென்றால் அதையும் இணைப்புக்குள்ளேயே சொல்லுங்கள்: "நிகழ்ச்சிநிரல், பிடிஎஃப், 2 எம்பி". பிடிஎஃப் வேறொரு செயலியிலோ தாவலிலோ திறக்கக்கூடும் என்பதால் கேட்பவர் சட்டென்று வேறிடத்துக்குப் போய்விடுகிறார். முன்கூட்டியே தெரிந்தால் தடுமாற்றம் இல்லை.

நீளத்தைப் பொறுத்தவரை இரண்டு முதல் ஆறு சொற்கள் வரை போதும். முழு வாக்கியத்தையும் இணைப்பாக்குவது "இங்கே"யை விட நல்லதுதான், ஆனால் பட்டியலில் கேட்கச் சலிப்பூட்டும். முகவரியை அப்படியே விடுவது அதைவிட மோசம். கூகுள் படிவத்தின் முழு முகவரியில் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் நீளமாக இருக்கும். திரைவாசிப்பான் அவற்றை "எச் டி டி பி எஸ் கோலன் ஸ்லாஷ் ஸ்லாஷ்" என்று தொடங்கி வரிசையாகப் படிக்கும். வெறும் எழுத்து மின்னஞ்சலில் இணைப்புச் சொல் வைக்க வழியில்லை. அங்கே முதல் வரியில் எது என்பதைச் சொல்லி, முகவரியை அடுத்த வரியில் தனியாக வையுங்கள். கேட்பவர் முகவரி தொடங்கியதும் தாண்டிப் போகலாம்.

சுவரொட்டி

ஜிமெயிலில் படத்தை எழுத்துக்கிடையே செருகும்போது, நாம் எதுவும் எழுதாவிட்டால் கோப்பின் பெயரே படத்தின் விவரிப்பாகப் போய்ச் சேர்கிறது. "வாட்ஸ்அப் இமேஜ் 2026…" என்று கேட்டதற்கு அதுதான் காரணம். திரைப்பிடிப்பை ஒட்டினால் `image.png` என்று கேட்கும்.

திருத்துவதற்கு, செருகிய படத்தின்மேல் ஒருமுறை சொடுக்குங்கள். கீழே தோன்றும் பட்டியலில் `Edit alt text` என்பதைத் தெரிவுசெய்து, பெட்டியில் விவரிப்பை எழுதிச் சேமியுங்கள். கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் படத்தின்மேல் வலச்சொடுக்கு செய்தால் `Alt Text` என்ற சொற்களோடு ஒரு தெரிவு இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதுவது? சுவரொட்டியில் உள்ள எழுத்து முழுவதையும் அங்கே தட்டெழுதிவிடலாம் என்றே பலருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். விவரிப்புக்குள் பந்தி இல்லை, தலைப்பு இல்லை, அழுத்தக்கூடிய இணைப்பு இல்லை. பத்து வரி விவரம் ஒரே மூச்சில் ஓடும். கட்டணத்தை மட்டும் மறுபடி கேட்க விரும்புகிறவர் பெரும்பாலும் முழுவதையும் மறுபடி கேட்கவேண்டிவரும். தொலைபேசி எண்ணைப் பிரதியெடுப்பதும் சிரமம். எழுத்து நிறைந்த படத்துக்குச் சரியான வழி, அந்த எழுத்தை மின்னஞ்சலின் உடலுக்குள் கொண்டுவருவதுதான். விவரிப்பு ஓரிரு வாக்கியத்தோடு நின்றுவிடும்:

> மார்ச் 14 கணினிப் பயிலரங்கின் சுவரொட்டி. அதிலுள்ள விவரங்கள் கீழே எழுத்தில் உள்ளன.

பிறகு படத்தின் கீழே:

> நாள்: மார்ச் 14, சனிக்கிழமை
> நேரம்: காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை
> இடம்: வெள்ளவத்தை, காலி வீதி (மண்டபத்தின் பெயரும் இலக்கமும்)
> கட்டணம்: 500 ரூபா, மதிய உணவு உட்பட

"மு.ப. 9.00 – பி.ப. 4.00" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. தமிழ்க் குரல்கள் சுருக்கங்களை விரித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. "மு ப" என்று இரண்டு எழுத்தாகக் கேட்கும், நடுவிலுள்ள கோடு கேட்காமலே போகலாம். "முதல், வரை" என்று எழுதினால் எந்தக் குரலிலும் சரியாக வரும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுவரொட்டி வடிவமைப்பவர்கள் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதுகிறார்கள். அவர்களிடமிருந்து எழுத்தை வாங்கி ஒட்டும்போது, பாமினியில் "அம்மா" என்று தெரிவது உள்ளே `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை. அது உள்ளே இருக்கும் எழுத்தைப் படிப்பதால் வருவது பொருளற்ற ஒலி. விவரிப்புப் பெட்டியில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். அங்கே எழுத்துருவை மாற்ற முடியாது, ஆகவே பாமினி எழுத்து ஒட்டியவுடனேயே `mk;kh` என்று வெளிப்பட்டுவிடும். மின்னஞ்சலின் உடலில் ஐயம் இருந்தால், அந்த வரியைப் பிரதியெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோட். இல்லையென்றால், பாமினியை யூனிகோடாக்கும் இலவச மாற்றி ஒன்றில் மாற்றி, எழுத்துப்பிழை பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

மற்றப் படங்கள்

எல்லாப் படத்துக்கும் ஒரே விதமான விவரிப்பு பொருந்தாது. "இந்தப் படத்தை எடுத்துவிட்டால் வாசகர் எதை இழப்பார்?" என்று கேளுங்கள். அந்த விடைதான் விவரிப்பு.

சென்ற பயிலரங்கின் புகைப்படம் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். "சிலர் அமர்ந்திருக்கும் படம்" என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. திரைவாசிப்பான் படம் என்று ஏற்கெனவே அறிவித்துவிட்டதால் "படம்" என்ற சொல்லும் மிகை. சட்டையின் நிறம், சுவரின் நிறம், யன்னல் எத்தனை என்று எழுதுவதும் பயனற்றது. படம் மின்னஞ்சலில் ஏன் இருக்கிறது? இரண்டிரண்டு பேராக ஒரு கணினியில் பழகுவார்கள், பயிற்றுநர் பக்கத்தில் வந்து உதவுவார் என்று காட்டத்தான். அப்படியானால்: "சென்ற பயிலரங்கில் இருவருக்கு ஒரு மடிக்கணினி வீதம் அமர்ந்து பழகுகிறார்கள், பயிற்றுநர் ஒருவர் குனிந்து உதவுகிறார்." இதே படம் புதிய மண்டபத்தின் வசதியைக் காட்டுவதற்காக வந்திருந்தால் விவரிப்பும் மாறும்: மேசைகளுக்கிடையே உள்ள இடைவெளியும் வாசலில் உள்ள சரிவுப்பாதையும் அதில் வரவேண்டும்.

வழி காட்டும் வரைபடத்தை விவரிப்புக்குள் அடக்க முயலவேண்டாம். அதையும் உடலில் எழுத்தாகத் தாருங்கள்: "வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்திலிருந்து காலி வீதிக்கு வந்து இடப்பக்கம் திரும்புங்கள், 100, 101 இலக்கப் பேருந்துகளும் காலி வீதியால் வருகின்றன" என்ற அளவில் தொடங்கி, எந்த ஒழுங்கையைத் தாண்டவேண்டும், வாசல் எந்தப் பக்கம் என்று முடியுங்கள். வெள்ளைப் பிரம்போடு வருபவருக்கு "பச்சைப் பெயர்ப்பலகைக்கு எதிரே" உதவாது. "பிரதான வீதியிலிருந்து இரண்டாவது வாசல், மூன்று படி" உதவும்.

கியூ.ஆர். குறியீட்டுக்கு "பதிவுப் படிவத்தின் கியூ.ஆர். குறியீடு. அதே படிவத்துக்கான இணைப்பு கீழே உள்ளது" என்று எழுதி, இணைப்பையும் உண்மையாகவே கீழே வையுங்கள். கைத்தொலைபேசியிலேயே மின்னஞ்சலைத் திறப்பவர் தன் திரையைத் தானே ஸ்கேன் செய்வது எல்லோருக்கும் தொல்லைதான்.

அழகுக்கு இடும் கோலக்கோடு, புள்ளிவரிசை போன்றவற்றால் வாசகர் எதையும் இழப்பதில்லை. அவற்றுக்கு விவரிப்பு வேண்டாம். ஆனால் ஜிமெயிலில் வெறுமனே விட்டால் கோப்புப் பெயர் கேட்கும் என்பதால், தனிப்பட்ட மின்னஞ்சல்களில் அலங்காரப் படங்களை எடுத்துவிடுவதே நல்லது. அவுட்லுக்கில் `Mark as decorative` என்ற பெட்டியில் அடையாளமிட்டால் போதும்.

செய்திமடல் சேவையில் அனுப்பினால்

எச்.டி.எம்.எல். வார்ப்புருவை நீங்களே திருத்தக்கூடிய இடத்தில் அலங்காரப் படத்துக்கு வெற்று விவரிப்புக் கொடுக்கலாம். `alt=""` என்று எழுதுவதும் `alt` என்பதையே விட்டுவிடுவதும் ஒன்றல்ல. முன்னது "இதைத் தாண்டிப் போ" என்ற கட்டளை. பின்னதில் திரைவாசிப்பான் ஊகிக்கத் தொடங்கும்: ஒன்று பேசாமல் போகும், இன்னொன்று படத்தின் முகவரியைப் படிக்கும்.

```html
<img src="poster.jpg" alt="மார்ச் 14 பயிலரங்கின் சுவரொட்டி. விவரங்கள் கீழே.">
<img src="kodu.png" alt="">
```

மிகவும் மோசமாகக் கேட்பது, விவரிப்பில்லாத படத்தையே இணைப்பாக்கியிருந்தால். இணைப்பைத் தாண்டிப் போக முடியாது, சொல்வதற்கும் எதுவும் இல்லை. ஆகவே பல திரைவாசிப்பான்கள் இணைப்பின் முகவரியைப் படிக்கத் தொடங்கும். செய்திமடல் சேவைகள் யார் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக ஒவ்வொரு முகவரியையும் தங்களுடைய நீண்ட முகவரியாக மாற்றிவிடுவதால், அதில் உங்கள் தளத்தின் பெயர்கூட இருக்காது. இணைப்பான படத்துக்கு அதன் தோற்றத்தை எழுதாமல், அது எங்கே கொண்டுபோகும் என்பதை எழுதுங்கள். வாட்ஸ்அப் சின்னத்துக்கு "பச்சை வட்டத்தில் தொலைபேசி" அல்ல, "வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்க".

சின்னமும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே இடத்துக்குப் போகின்றன என்றால், இரண்டையும் ஒரே இணைப்புக்குள் வைத்துப் படத்தின் விவரிப்பை வெறுமையாக்குங்கள். இல்லாவிட்டால் "பதிவுப் படிவம்" இரண்டுமுறை கேட்கும்.

```html
<a href="https://example.com/pathivu">
  <img src="pena.png" alt=""> பதிவுப் படிவம்
</a>
```

அனுப்புமுன் கேட்டுப் பாருங்கள்

மின்னஞ்சலை முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். `nvaccess.org` தளத்திலிருந்து NVDA-வை இறக்கித் தொடங்குங்கள். முதல் வேலை குரலைத் தமிழாக்குவது: `Insert+Ctrl+V` அழுத்தினால் பேச்சு அமைப்புத் திறக்கும், அதில் `Change...` பொத்தானை அழுத்தி ஈஸ்பீக்கைத் தெரிவுசெய்துவிட்டு, அதன் குரல்களில் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். இதைச் செய்யாமல் ஆங்கிலக் குரலில் கேட்டுவிட்டு மின்னஞ்சல் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு இயந்திரத்தனமாக இருக்கும். நீங்கள் சோதிப்பது குரலின் இனிமையை அல்ல, எது சொல்லப்படுகிறது என்பதைத்தான்.

பேச்சின் வேகத்துக்குக் காது பழகாதவர்கள் `Insert+N` அழுத்தி, `Tools` பட்டியலில் `Speech viewer` என்பதைத் திறக்கலாம். சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஒரு சாளரத்தில் எழுத்தாக வரும். `Ctrl` தட்டினால் பேச்சு நிற்கும், `Insert+Q` அழுத்தினால் NVDA-வை மூடலாம்.

இனி மின்னஞ்சலைத் திறந்து `K` தட்டிக்கொண்டே போங்கள். விசை வேலைசெய்யாவிட்டால் `Insert+Space` ஒருமுறை அழுத்துங்கள், உலாவும் நிலைக்குத் திரும்பும். ஜிமெயிலின் சொந்தப் பொத்தான்களும் இணைப்புகளும் முதலில் வரும், அவற்றைப் பொருட்படுத்தாமல் உங்கள் மின்னஞ்சலுக்குள் வரும்வரை செல்லுங்கள். திருத்திய மின்னஞ்சலில் இப்போது கேட்கவேண்டியது "பதிவுப் படிவத்தை", "நிகழ்ச்சிநிரல், பிடிஎஃப், 2 எம்பி", "மண்டபத்துக்கு வரும் வழி". பிறகு `G` தட்டிப் படங்களைக் கேளுங்கள். "ஜேபெக்", "பிஎன்ஜி" என்று ஏதாவது காதில் விழுந்தால் அந்தப் படத்துக்கு விவரிப்பு விட்டுப்போயிருக்கிறது. பொருளற்ற ஒலிக்கூட்டம் கேட்டால் பாமினி எங்கோ ஒளிந்திருக்கிறது.

கடைசியாக ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பாருங்கள். இணைப்புச் சொல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது கொண்டுபோகும் நிகழ்ச்சிநிரல் அச்சுத்தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதுவும் ஒரு படம்தான். அதைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் தெரிவுசெய்ய முயலுங்கள். எழுத்து தெரிவாகாவிட்டால், வேர்ட் கோப்பிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆக்கிய பிரதியை வாங்குங்கள். ஒரு பக்க நிகழ்ச்சிநிரல் என்றால், பேசாமல் அதை மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.